ஊனம் உண்டோ எனக் கேளாதீர்

இலங்கையில் வலுவிழந்தோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு அரசாங்கத்தின் குடித்தொகை மதிப்பீடுகளே இருவேறு விடைகளைத் தந்துள்ளன. 2001ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அவர்கள் 274,711 பேர்; அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 1.6. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 1,617,924 பேர், நூற்றுக்கு 8.7. பதினோர் ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கும் மேலான உயர்வு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, யுத்தத்தின் கோரத்தை இதனினும் தெளிவாகக் காட்டமுடியுமோ என்று எழுதியோரும் உளர். இரண்டாவது எண் மிகைப்படுத்தப்பட்டது என்று ஒதுக்கியோரும் உளர். இரு சாராரும் தவறினர் என்பதே இக்கட்டுரையின் வாதம். நாட்டில் மாறியது மக்களின் உடல்நிலை மாத்திரமன்று. மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது.

யுத்தமே இவ்வுயர்வுக்குக் காரணம் என்போர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். 2001ஆம் ஆண்டின் எண்ணிக்கை பதினெட்டு மாவட்டங்களுக்கு மட்டுமே உரியது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களில் அம்மதிப்பீடு முற்றுப்பெறவில்லை. கண்ணிவெடிக்குக் காலிழந்தோர் மிகுந்திருந்த மண்ணே அந்த எண்ணில் இல்லை. ஆயினும் அவ்வேழு மாவட்டங்களையும் கழித்துவிட்டு ஏனைய பதினெட்டை மட்டும் ஒப்பிட்டாலும் இந்த இடைவெளி மறைந்துவிடாது. ஏனெனில் அது கேள்வியிலேயே பிறந்த இடைவெளி.

2001இல் உறுப்புக் குறைபாடுகளின் பட்டியல் ஒன்று கையில் இருந்தது. கண், செவி அல்லது பேச்சு, கை, கால், மனம் என்ற வரிசையில் குறையுடையோரைத் தேடிப் பதிந்தனர். 2012இல் குறையைத் தேடும் முறை கைவிடப்பட்டு, அன்றாடச் செயல்களில் சிரமம் உண்டா என்று வினவும் முறை வந்தது. இம்முறைக்கு அடிப்படை, ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001இல் உருவான வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகளாகும். கண்ணாடி அணிந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? செவிப்புலன் கருவி பயன்படுத்தினாலும் கேட்பதில் சிரமம் உண்டா? நடப்பதில் அல்லது படியேறுவதில் சிரமம் உண்டா? நினைவில் வைத்திருப்பதில் அல்லது மனத்தை ஒருமுகப்படுத்துவதில் சிரமம் உண்டா? குளித்தல், உடுத்தல் போன்று தம்மைத் தாமே பராமரிப்பதில் சிரமம் உண்டா? வழக்கமாகப் பேசும் மொழியில் பிறர் சொல்வதை விளங்கிக்கொள்வதில் அல்லது தாம் சொல்வதைப் பிறருக்கு விளங்கவைப்பதில் சிரமம் உண்டா? ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்: சிரமமில்லை, சிறிதளவு சிரமம், மிகுந்த சிரமம், முற்றாக இயலாது.

இவ்வளவே. நோயின் பெயர் இதில் இல்லை. மருத்துவச் சான்றிதழ் இதில் இல்லை. முக்கியமாக, அங்கவீனம், ஊனம், வலுவிழப்பு என்ற சொற்களுள் ஒன்றேனும் இதில் இல்லை. தற்செயலாக விடுபட்ட சொற்களல்ல இவை, வேண்டுமென்றே விலக்கப்பட்டவை. ஏன் விலக்கப்பட்டன என்பதை நூலிற் படித்தபொழுது நான் முழுமையாக உணரவில்லை. பொரளையில் நான் தங்கியிருக்கும் வீட்டிலேயே அதனை உணர நேர்ந்தது.

அவ்வீட்டார் ஆறு பேர். வீட்டுக்கார அம்மையாருக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய கணவர் எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற எழுதுநர். அம்மையாரின் தாயாருக்கு எண்பத்தாறு. தம்பியார் வன்னியில் இடக்காலை முழங்காலுக்குக் கீழ் இழந்து, செயற்கைக் காலுடன் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையிற் கணக்கெழுதுபவர். மகளும், ஏழு வயதுப் பேரனும் மற்றைய இருவர். ஒரு ஞாயிறு முற்பகலில், படிப்புக்காக ஒரு சிறு சோதனை என்று சொல்லி, பழைய பாணியிலேயே அம்மையாரிடம் தொடங்கினேன். உங்கள் வீட்டில் அங்கவீனர் யாரும் உண்டா என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. கடவுளே எண்டு எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை."

அவருடைய தம்பியாரின் ஊன்றுகோல் கதவருகே சாத்தியிருந்தது. நான் அதனைப் பார்த்ததை அவரும் பார்த்தார். "அவன் வேலைக்குப் போறான், உழைக்கிறான். அவனைப்போய் அங்கவீனன் எண்டு சொல்லலாமே?" என்றார். அம்மையார் பொய் சொல்லவில்லை. அவருடைய மனத்தில் அச்சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு: பிறர் கையை எதிர்பார்த்து மூலையிற் கிடப்பவர். தம்பியார் அவ்வாறானவர் அல்லர். ஆகவே விடை இல்லை என்பதே. தாயாரைப்பற்றிக் கேட்டபொழுது, "அவவுக்கு வயசு போட்டுது, அது வருத்தமில்லையே" என்றார். முதுமை இயல்பு, இயல்பானது குறையாகாது. இவ்வாறாக ஒரே ஒரு கேள்வியில் ஆறு பேரும் கணக்கிலிருந்து வெளியேறினர். விடை பூச்சியம்.

பின்னர் அச்சொல்லைக் கைவிட்டு ஆறு கேள்விகளையும் ஒவ்வொருவருக்குமாக வாசித்தேன். அம்மையாருக்குக் கண்ணாடி அணிந்தாற் பார்வையிற் சிரமமில்லை. முழங்கால் வலியினாற் படியேறுவதில் சிறிதளவு சிரமம். கணவருக்குக் கேட்பதில் மிகுந்த சிரமம். செவிப்புலன் கருவி எதுவும் அவரிடம் இல்லை. தாயார் தாமாகக் குளிப்பது முற்றாக இயலாது. தம்பியாருக்கு நடப்பதில் சிறிதளவு சிரமம் என்று தமக்கையாரே சொன்னார். மகளுக்கும் பேரனுக்கும் சிரமமெதுவும் சொல்லப்படவில்லை. இரவு தம்பியார் திரும்பியதும் அவரிடமே அக்கேள்வியைக் கேட்டேன். அவர் சிறிது யோசித்து, "கால் மாட்டினா ஓரளவு. கழட்டினா அக்காவைக் கூப்பிடாமல் எழும்பேலாது. மிகுந்த சிரமம் எண்டு போடுங்கோ" என்றார்.

ஆறு பேர் கொண்ட ஒரு வீடு புள்ளிவிபரமாகாது. எந்தச் சதவீதத்தையும் இதிலிருந்து பெறமுடியாது. ஆயின் கருவி எவ்வாறு இயங்குகிறது, எங்கே பிசகுகிறது என்பதைக் காண ஒரு வீடு போதும். ஒரே வீட்டார், ஒரே நாள். சொல்லைக் கொண்டு கேட்டபொழுது ஒருவருமில்லை. செயலைக் கொண்டு கேட்டபொழுது, சிறிதளவு சிரமத்தையும் சேர்த்தால் நால்வர். மிகுந்த சிரமத்திலிருந்து மட்டும் எண்ணினால் மூவர். அதிலும் தம்பியாருக்காகத் தமக்கையார் சொன்ன விடையையே ஏற்றிருந்தால் இருவர். பூச்சியம், இரண்டு, மூன்று, நான்கு என்ற நான்கு எண்களும் ஒரே வீட்டின் எண்களே. எந்த எண்ணை அச்சிடுகிறோம் என்பது கேள்வியையும், விடையளித்தவரையும், நாம் கோடு கிழிக்கும் இடத்தையும் பொறுத்தது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது வாதம் மருத்துவரைத் துணைக்கழைப்பது. ஒருவர் வலுவிழந்தவரா என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளர் ஆறு கேள்விகளால் அதனைத் தீர்மானிப்பது எங்ஙனம் என்பர். இவ்வாதம் இரு வேறு வேலைகளை ஒன்றெனக் குழப்புகிறது. உதவிப்பணமோ சக்கர நாற்காலியோ ஒருவருக்கு வழங்கவேண்டுமாயின் அவரைத் தனியாகப் பரிசோதித்தே ஆகவேண்டும். குடித்தன அளவீடு எவருக்கும் எதனையும் வழங்குவதில்லை. அன்றாடச் செயல்களில் சிரமமுடையோரும் சிரமமற்றோரும் கல்வியில், தொழிலில், வருமானத்தில் எவ்வளவு விலகி நிற்கின்றனர் என்று கண்டறிவதே அதன் வேலை. அதற்கு நோயின் பெயர் வேண்டியதில்லை. படியேற முடியாத மாணவன் இளம்பிள்ளைவாதத்தினால் முடியாதவனாயினும் எறிகணையினால் முடியாதவனாயினும், மூன்றாம் மாடியிலுள்ள விரிவுரை மண்டபம் அவனுக்கு ஒரே வகையாகவே மூடிக்கிடக்கிறது.

இதனாலேதான் இக்கேள்விகள் பொதுவான அளவீடுகளில் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். வலுவிழந்தோருக்கென்றே தனி அளவீடு நடத்தினால், அவர்களைப்பற்றி ஆயிரம் செய்தி கிடைக்கலாம். ஒப்பிடுவதற்கு மற்றையோர் அதில் இருக்கமாட்டார். தொழிற்படை அளவீட்டிலோ வருமான, செலவின அளவீட்டிலோ ஆறு கேள்விகளைச் சேர்த்துவிட்டால், ஏனைய கேள்விகள் அனைத்தும் அங்கே ஏற்கெனவே உள்ளன. ஆளொருவருக்கு இதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். படிவத்தில் இடமில்லை என்ற சாட்டு இந்த ஒன்றரை நிமிடத்தின் முன் நிற்காது.

இரண்டாவது வாதம் வலுவானது. அதனை நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். நூற்றுக்கு 8.7 என்பது மிகை; பாட்டிமாரின் மங்கிய பார்வையையும் முழங்கால் வலியையும் சேர்த்தே இந்த எண் பெறப்பட்டது என்பது அவ்வாதம். இதில் உண்மையுண்டு. 2012இன் எண்ணிக்கை சிறிதளவு சிரமம் உடையோரையும் உள்ளடக்கியது. அவர்களுள் பார்வையிற் சிரமமுடையோர் மட்டும் ஏறத்தாழப் பத்து இலட்சம். நடப்பதிற் சிரமமுடையோர் ஏழு இலட்சத்துக்கும் மேல். மனத்தை ஒருமுகப்படுத்துவதில் சிறிதளவு சிரமம் உண்டா என்று பரீட்சைக்கு முந்திய இரவில் எங்கள் விடுதியிற் கேட்டால் அநேகமாக எல்லோரும் உண்டு என்றே சொல்வோம். சிறிதளவு என்ற படி அத்துணை இளகியது.

ஆயின் இது கேள்வியின் குற்றமா, கோடு கிழித்தவரின் குற்றமா? ஆறு கேள்விகளையும் வகுத்தவர்கள், நாடுகளை ஒப்பிடும்பொழுது கோட்டை எங்கே கிழிக்கவேண்டும் என்றும் சொல்லியுள்ளனர்: ஏதேனும் ஒரு செயலிலாவது மிகுந்த சிரமம் அல்லது முற்றாக இயலாமை. நான்கு விடைகளை வைத்ததே, கோட்டை வேண்டியவிடத்து நகர்த்திப் பார்க்கலாம் என்பதற்காக. சாம்பியா நாட்டு அனுபவம் இதற்குச் சான்று. அங்கே 2000ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீடு பழைய பாணியிற் கேட்டு நூற்றுக்கு 2.7 என்றது. 2006இல் ஆறு கேள்விகளையும் கொண்டு நடத்திய அளவீட்டில், சிறிதளவு சிரமத்தையும் சேர்த்தால் 14.5; மிகுந்த சிரமத்திலிருந்து எண்ணினால் 8.5, முற்றாக இயலாதோரை மட்டும் எண்ணினால் 2.4. பழைய கேள்விக்குக் கிடைத்த 2.7, முற்றாக இயலாதோரின் 2.4ஐ அண்டி நிற்பதை வாசகர் கவனிப்பாராக. எங்கள் வீட்டு அம்மையாரைப்போலவே அந்நாட்டாரும் அச்சொல்லைக் கேட்டதும் மிகக் கடுமையான நிலையையே எண்ணியிருக்க வேண்டும் என்று கொள்வது பொருந்தும்.

கோட்டைத் தவறான இடத்திற் கிழித்தால் விளையும் தீங்கு, எண் பெருத்துவிடுவது மட்டுமன்று. 2012இன் தரவுகளைக் கொண்டு, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட வலுவிழந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் தொழிற்படைக்கு வெளியே நிற்கின்றனர் என்று பல அறிக்கைகள் எழுதின. கேட்போர் நெஞ்சைத் தொடும் எண். ஆனால் அதனுள் யார் யார் உளர்? எண்பது வயதில் படியேறச் சிரமப்படும் மூதாட்டி உண்டு. செயற்கைக் காலுடன் வேலை தேடி நிற்கும் முப்பது வயது இளைஞனும் உண்டு. மூதாட்டி வேலைக்குச் செல்லாமை அநீதி அன்று. இளைஞன் வேலை பெறாமை அநீதி. இருவரையும் ஒரே சதவீதத்தில் கலந்துவிட்டால், அநீதி முதுமையின் நிழலில் மறைந்துவிடுகிறது. அதே வயதுப் பிரிவில், சிரமமற்ற இளைஞருக்கும் மிகுந்த சிரமமுடைய இளைஞருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினாலன்றி அந்த எண் எந்த அமைச்சரையும் அசைக்கப் போவதில்லை, அசைக்கவும் கூடாது.

இன்னொரு பிழையும் பரவலாக உண்டு. பார்வை, செவிப்புலன், நடை முதலிய ஆறு செயல்களின் எண்ணிக்கைகளையும் கூட்டி, அதனையே வலுவிழந்தோரின் தொகையாகச் சொல்வது. 2012இன் ஆறு எண்ணிக்கைகளையும் கூட்டினால் இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேல் வரும். ஆட்களோ பதினாறு இலட்சமே. ஒரே மூதாட்டி பார்வையிலும் நடையிலும் பராமரிப்பிலும் மும்முறை எண்ணப்படுகிறார். கூட்டப்பட்டவை சிரமங்கள், ஆட்கள் அல்லர்.

ஆறு கேள்விகளையும் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிக்கொண்டே அவற்றைச் சிதைப்போருடன் எனக்குள்ள பிணக்கு, ஏற்காதோருடன் உள்ளதிலும் பெரிது. சிதைவை இனங்காண வாசகருக்கு மூன்று அடையாளங்கள் சொல்வேன். முதலாவது, வீட்டில் வலுவிழந்தோர் உளரா என்று முதலிற் கேட்டு, ஆம் என்றாரிடம் மட்டும் ஆறையும் கேட்பது. வாயிலில் அந்தச் சொல்லைக் காவலுக்கு நிறுத்திவிட்டு உள்ளே நாகரிகமாகப் பேசுவதற்கு ஒப்பானது இது. எங்கள் வீட்டில் இவ்வாறு கேட்டிருந்தால் ஆறு கேள்விகளும் வாசிக்கப்பட்டே இரா. இரண்டாவது, நான்கு விடைகளை ஆம், இல்லை என இரண்டாகச் சுருக்குவது. கணவரின் செவிட்டுத்தன்மையும் மனைவியின் முழங்கால் வலியும் ஒரே ஆம் ஆகிவிடும். அல்லது இரண்டும் இல்லை ஆகிவிடும். பின்னர் எந்த நிபுணராலும் அவற்றைப் பிரிக்க இயலாது. மூன்றாவது, கணக்கெடுப்பாளர் ஆளைக் கண்ணாற் பார்த்துத் தாமே சிரமமில்லை என்று குறித்துவிடுவது. காது கேளாமை முகத்தில் எழுதியிருப்பதில்லை.

தமிழிற் கேட்கும்பொழுது நான்காவது ஓர் இடர் உண்டு. அதனைப் பேசவேண்டியோர் நாமே. ஆங்கில மூலத்தில் உள்ள சொல்லைக் கஷ்டம் என்று பெயர்த்தால், எங்கள் மக்கள் பலருக்கு அது வறுமையையே குறிக்கும். கஷ்டப்பட்ட குடும்பம் என்றால் காசில்லாத குடும்பம். குறைபாடு என்றால் உறுப்பைத் தேடும் பழைய வழிக்கே திரும்பிவிடுவோம். சிரமம் என்ற சொல் ஓரளவு நடுநிலையானது. அதுபோலவே, உடல்நலக் குறைவினால் என்ற முன்னுரையுடன் இக்கேள்விகளைத் தொடங்கினால், முதுமையை நோயென்று கருதாத அம்மையார் தாயாரை மறுபடியும் விலக்கிவிடுவார். ஒரு சொல்லைத் தேர்வதில் ஓராயிரம் பேர் கணக்கில் நுழைவதும் வெளியேறுவதும் தங்கியுள்ளபொழுது, படிவத்தின் தமிழைக் கடைசி நேர மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் தலையிற் கட்டிவிடுவது முறையாகாது. மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கொழும்பிலும் வாய்விட்டு வாசித்துக் காட்டி, கேட்டவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று திருப்பிக் கேட்ட பின்னரே அச்சிடவேண்டும்.

இக்கேள்விகள் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் வாதிடவில்லை. வீட்டுக்கார அம்மையாரின் மகளுக்கு ஆறிலும் சிரமமில்லை என்றே பதிந்தேன். ஆயின் மாதக்கணக்கில் அறையைவிட்டு வெளிவராத ஒருவரின் மனத்துயரை இந்த ஆறும் நேராகத் தொடுவதில்லை. பதற்றத்தையும் மனச்சோர்வையும் வினவும் நீண்ட கேள்வித்தொகுதி வேறாக உண்டு. அது வேண்டுமிடத்து அதனையே பயன்படுத்த வேண்டும். பேரன் ஏழு வயதாகியும் வெளியாருக்கு விளங்கும்படி பேசுவதில்லை. சின்னப் பிள்ளைதானே என்று அவனுக்கும் சிரமமில்லை ஆயிற்று. பெரியோருக்கென அமைந்த கேள்விகள் சிறுவரை நழுவவிடும் என்பது அறியப்பட்டதே. இரண்டு முதல் பதினேழு வயது வரையானோருக்கென யுனிசெவ் அமைப்புடன் சேர்ந்து 2016இல் வெளியிடப்பட்ட தனித் தொகுதி, பிள்ளையை அதே வயதுப் பிள்ளைகளுடன் ஒப்பிட்டுக் கேட்கிறது. குறுகிய வலையில் அகப்படாத மீனைக் கடலிலேயே இல்லை என்று சொல்லாதிருந்தாற் போதும்.

வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. உரிமைகளை நிறைவேற்றுவதற்கு வேண்டிய புள்ளிவிபரங்களைத் திரட்டுவதும் அச்சமவாயம் விதிக்கும் கடமைகளுள் ஒன்று. ஆகவே நமது கோரிக்கை இரக்கத்தின்பாற்பட்டதன்று. பொதுவான குடித்தன அளவீடு ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகளையும் ஒவ்வோர் ஆளுக்கும், இயன்றவரை அவரிடமே, நான்கு விடைகளுடன் கேளுங்கள். நான்கு விடைகளுக்குமான எண்களையும் வயதுவாரியாக வெளியிடுங்கள். தலைப்பில் ஒரு சதவீதத்தை அச்சிடும்பொழுது, கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதை அதே வரியிற் சொல்லுங்கள்.

அன்றிரவு தாளில் தம்பியாரின் விடையைத் திருத்தி எழுதியபொழுது, அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு நாளும் எங்களை எண்ணினவை, என்னை எதுக்குள்ள போட்டவை?" எந்தப் படிவத்திலும் அதற்கு விடை இல்லை. அச்சொல்லைச் சொல்லிக் கேட்ட எவரிடமும் அவருடைய தமக்கையார் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார்.